படித்துவிட்டு வரவும் – எவ்வளவு சாமி?

போன புரட்டாசியில் எங்க கோவில்பட்டிப் பக்கம் ஒரு இலக்கியக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நடத்துறவங்க பேர் வேண்டாம், நல்ல மனுசங்க. வாட்ஸப்பில் வந்த அழைப்பில் இருந்தது இவ்வளவுதான்: பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் குறித்த கலந்துரையாடல், ஞாயிறு காலை 10.30, இணைப்பில் உள்ளவற்றையும் நாவலையும் வாசித்துவிட்டு வரவும். கீழே மூணு இணைப்பு.

அந்தக் கடைசி வரியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. 'வாசித்துவிட்டு வரவும்' என்பது அழைப்பே இல்லை, அது ஒரு தட்டிக்கழிப்பு என்பது என் கட்சி. கோபப்படுறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் கோபப்படுங்க.

முதலில் கணக்கு. 2012-ல் வந்து 2014-க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கிய 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிசம்னு தாராளமா வச்சாலும் 2000 நிமிசம், அதாவது 33 மணி நேரம். அழைப்பு வந்ததுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் 12 நாள். தினமும் மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா, ஒரு நாள் விடாம உட்கார்ந்து படிக்கணும். அதுவும் புரட்டாசிக் கடைசியில். மழைக்கு முன்னாடி கரிசக்காட்டில் புழுதி விதைப்பு ஓடுற நேரம் அது. உளுந்தும் மக்காச்சோளமும் மண்ணுக்குள்ள போகலைன்னா அந்த வருசமே போச்சு. இந்த ஊரில் இருந்துக்கிட்டு இதை யோசிக்காம தேதி வைக்கிறதுக்குத் தனித் திறமை வேணும்.

அடுத்தது இணைப்புகள். ஒண்ணு, இங்கிலீஷ் வரலாற்றுக் கட்டுரை. பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணதில் பாதி குறுக்கே படுத்திருந்தது. ரெண்டாவது, பழைய எழுத்துருவில் அடிச்ச வேர்டு கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் 'mQQhb' மாதிரி ஒரே இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. மூணாவது ஒரு நேர்காணல். ரெண்டு பத்தியா அச்சடிச்ச பத்திரிகைப் பக்கத்தை அப்படியே படம் எடுத்தது, போனில் இடமும் வலமும் இழுத்து இழுத்துத்தான் படிக்கணும். அனுப்பினவர் தன்னோட கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருப்பார், அங்கே எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும். வீட்டில் வேற யாரோட போனிலாவது ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா மூணு கோளாறும் ரெண்டே நிமிசத்தில் தெரிஞ்சிருக்கும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். 22 பேர் வந்திருந்தாங்க. நாவலை முழுசா படிச்சவங்க நாலு பேர். ஒருங்கிணைப்பாளருக்கு இது முதல் அஞ்சு நிமிசத்திலேயே புரிஞ்சுபோச்சு. உடனே அவர் செஞ்ச காரியம்தான் என்னை இதை எழுத வச்சது. "சரி, படிக்காதவங்களுக்காகக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்" என்று ஆரம்பிச்சு 50 நிமிசம் கதை சொன்னார்.

அந்த நாலு பேரில் ஒரு அக்கா. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வாரத்துக்கு ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. நூலகத்தில் எடுத்து ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி படிச்சு முடிச்சிருக்காங்க. கழுகுமலைக் கலவரம் வர்ற பகுதியைப் பத்திக் கேட்க ஒரு கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாங்க. நம்ம ஊரிலிருந்து பஸ்ஸேறினா கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ற ஊரில் 1895-ல் நடந்த விசயம். அதை எழுதின விதத்தில் அவங்களுக்கு ஒரு சந்தேகம். கதைச் சுருக்கம் முடிஞ்சு, நன்றியுரைக்கு ஆள் எழுந்தப்போ மணி 12.45. அக்கா நோட்டை மூடிப் பைக்குள்ள வச்சிட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரலை. நான் ரோட்டில் பார்த்துக் கேட்டப்போ, "கதைதான் சொல்லப்போறாகன்னா நான் எதுக்குத் தம்பி கண்ணு முழிச்சுப் படிக்கணும்?" என்றார்.

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கு. படிக்காதவர்களுக்காகக் கதை சொல்ற ஒவ்வொரு தடவையும், படிச்சிட்டு வந்தவருக்கு அபராதம் போடுறோம். அடுத்த முறை அவர் படிக்கமாட்டார். படிக்காதவருக்கோ, படிக்காம வந்தாலும் நஷ்டமில்லைன்னு பாடம் கிடைச்சிருக்கு. மூணாவது கூட்டத்தில் படிச்சவர் யாருமே இருக்கமாட்டார். அப்புறம் 'இப்பல்லாம் யாரும் படிக்கிறதில்லீங்க' என்று மேடையில் புலம்ப வேண்டியது. படிக்காம இருக்கச் சொல்லிக்கொடுத்ததே நாமதான்.

வெளியூரில் இதுக்கு ரெண்டு வழி பார்த்திருக்காங்க. ஜெயமோகன் நண்பர்கள் விஷ்ணுபுரம் வட்டம் சார்பில் ஊட்டியில் நடத்தி வந்த காவிய முகாமில், விவாதிக்கப்போற கதைகளையும் கவிதைகளையும் முன்னாடியே கொடுத்துடுவாங்க, படிச்சிட்டு வர்றதுதான் நிபந்தனை. அந்த முகாமைப் பத்தி ஆயிரம் சண்டை போடலாம், போட்டும் இருக்காங்க. ஆனா கொடுக்கிறது ஒரு நாவல் மலை இல்லை, எண்ணிப் படிக்கக்கூடிய கதைகள். அதனால்தான் நிபந்தனை போட முடியுது.

இதுக்கு நேர் எதிர்வழி அமேசான் கம்பெனியில். ஜெஃப் பெசோஸ் 2004-ல் பவர்பாயின்ட் வேண்டாம்னு சொல்லிட்டு, ஆறு பக்கத்துக்குள்ள எழுதின குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டம் ஆரம்பிச்சதும் எல்லாரும் வாயைத் திறக்காம உட்கார்ந்து அதைப் படிக்கணும், அதுக்கப்புறம்தான் பேச்சு. வீட்டில் படிச்சிட்டு வருவாங்கங்கிற நம்பிக்கையே அதில் கிடையாது. அதனால் படிக்கிற நேரத்தையும் கூட்டத்துக்குள்ளேயே வச்சிட்டாங்க.

ரெண்டும் நேர்மையான வழி. ஒண்ணு நம்பிக் கேட்குது, இன்னொண்ணு நம்பாம நேரம் ஒதுக்குது. நம்மாளுங்க செய்யறது மூணாவது ரகம்: நம்புற மாதிரி அழைப்பு, நம்பாத மாதிரி கூட்டம்.

இதை ஒருங்கிணைப்பாளர் அண்ணாச்சியிடமே டீக்கடையில் வச்சு சொன்னேன். "என்ன தம்பி, இலக்கியத்தப் போயி நிமிசக் கணக்குல அளந்துக்கிட்டு இருக்கீக? ஆபீஸ் வேலையா இது?" என்றார். அண்ணாச்சி, நான் இலக்கியத்தை அளக்கலை. அந்த அக்காவோட ராத்திரியை அளக்கிறேன். நீங்க கேட்கிறது அவங்களோட தூக்கத்தை. எத்தனை மணி நேரம் கேட்கிறோம்னு சொல்றது மரியாதை. சொல்லாம 'படிச்சிட்டு வாங்க'ன்னு சொல்றது, விலை போடாத கடையில் சாமான் வாங்கச் சொல்ற மாதிரி.

அவருக்கு இன்னொரு பயம். 40 பக்கம்னு சொல்லிட்டா ஜனங்க 40 பக்கத்தோட நிறுத்திடுவாங்களாம். நிறுத்தட்டுமே! இப்ப 18 பேர் முழுசா படிக்காம வந்தாங்களே, அதைவிடவா மோசம்? 22 பேரும் ஒரே 40 பக்கத்தைப் படிச்சிருந்தா அன்னைக்கு ஒரு உண்மையான சண்டையாவது நடந்திருக்கும்.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம்னு அதே கூட்டத்துக்கு நான் ஒரு அழைப்பு எழுதிப் பார்த்தேன். முதலில் நேரம் கண்டுபிடிக்கணும். கழுகுமலைப் பகுதியில் பத்துப் பக்கத்தைக் கடிகாரம் வச்சுப் படிச்சேன், 22 நிமிசம் ஆச்சு. ஆனா நான் ஏற்கெனவே படிச்சவன், அதனால் புதுசா படிக்கிறவங்களுக்குப் பாதி கூடச் சேர்த்தேன்: பத்துப் பக்கத்துக்கு 33 நிமிசம், 40 பக்கத்துக்கு ரெண்டேகால் மணி நேரத்துக்குள்ள. 12 நாளில் பிரிச்சா ஒரு நாளைக்கு 11 நிமிசம். தீப்பெட்டி ஆபீஸ் போய்ட்டு வர்றவங்ககிட்டயும் கூச்சமில்லாம கேட்கலாம். அப்புறம் அழைப்பு இப்படி:

'அஞ்ஞாடி நாவலில் கழுகுமலைக் கலவரப் பகுதி மட்டும் பேசுகிறோம். கட்டாயம் படிக்க வேண்டியது 40 பக்கம், பதிப்பகத்தின் அனுமதியோடு எடுத்த பிரதி இணைப்பில் உள்ளது. சுமார் இரண்டேகால் மணி நேரம் ஆகும். போனில் படிக்க முடியாதவர்களுக்கு ஜெராக்ஸ் டீக்கடையில் வைத்திருக்கிறோம். நேர்காணல் நேரமிருந்தால் மட்டும், அதைப் படிக்காமலும் பேச்சில் கலந்துகொள்ளலாம். கேள்வி ஒன்றே ஒன்று: கலவரத்தை ஆசிரியர் எந்தப் பக்கம் நின்று சொல்கிறார்? உங்கள் பதிலுக்குச் சான்றாக ஒரு பத்தியைக் குறித்துக்கொண்டு வரவும். கதைச் சுருக்கம் சொல்லப்படாது. படிக்க முடியாதவர்களும் வரலாம். 10 மணிக்கே வந்தால் 6 பக்கம் வாய்விட்டு வாசிப்போம், அது போதும்.'

கடைசி வரி இரக்கத்துக்காகப் போட்டதில்லை. நம்ம கிராமங்களில் ஒருத்தர் பாரதம் வாசிக்க, சுத்தி உட்கார்ந்தவங்க கேட்ட வழக்கம் இருந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் அதில் குறுக்குக் கேள்வி கேட்டாங்க. பெசோஸ் வாயைத் திறக்காம செய்யச் சொன்னதை நம்மாளுங்க வாய்விட்டே செஞ்சிருக்காங்க :)

ஆனா இந்த அழைப்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அது நடத்துறவருக்கு. 'கதைச் சுருக்கம் சொல்லப்படாது'ன்னு எழுதிட்டா, எத்தனை பேர் முழிச்சாலும் சொல்லக்கூடாது. முதல் கூட்டம் கொஞ்சம் திணறும், அஞ்சாறு பேர் முகம் சுளிப்பாங்க. அதைத் தாங்க முடியாம ஒரே ஒரு தடவை கதை சொல்லிட்டா, எழுதினது எல்லாம் வெத்துத் தாள். வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? தலையை எண்ண வேண்டாம். குறிச்ச பத்தியோட வந்தவங்க எத்தனை பேர்னு எண்ணுங்க. ரெண்டாவது கூட்டத்தில் அது கூடலைன்னா, 40 பக்கம் அதிகம்னு அர்த்தம். 20 ஆக்குங்க. 'ஜனங்க சரியில்லை'ன்னு மட்டும் சொல்லாதீங்க.

அண்ணாச்சி அடுத்த கூட்டத்துக்கு என் அழைப்பை எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். அறுவடை முடிஞ்சு பங்குனியில் வைக்கிறதா யோசனை. அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். "கதை சொல்ல மாட்டாகள்ல?" என்று மறுபடி ஒருதடவை கேட்டுக்கிட்டாங்க.

சொல்லிறாதீங்க அண்ணாச்சி.