‘வசதி உண்டா?’ என்பதைவிட ‘எத்தனை படி?’ என்பதே நல்ல கேள்வி

சக்கர நாற்காலியில் இருப்பவரோடு சுற்றுலா செல்லத் திட்டமிடும் குடும்பத்தார் முதலில் தொலைபேசியை எடுத்து, “அங்கே சக்கர நாற்காலி வசதி உண்டா?” என்று கேட்கிறார்கள். “உண்டு, வாருங்கள்” என்று பதில் வருகிறது. பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. வாசலில் ஒரு சாய்தளம் இருப்பதையோ, அலுவலகத்தில் ஒரு சக்கர நாற்காலி இருப்பதையோ, படியில் தூக்கிவிட நான்கு பேர் இருப்பதையோ அவர் நினைத்திருக்கலாம். இம்மூன்றும் வெவ்வேறானவை. ஆகவே ‘உண்டு’ என்னும் சொல்லை நம்பிப் பயணம் புறப்படலாகாது என்பது என் கருத்து. அளவுகளைக் கேட்டறிந்து, அவற்றைக்கொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் இரண்டு நாள் பயணமாக வந்து தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம், திருச்செந்தூர் முருகன் கோயில், மணப்பாடு திருச்சிலுவை ஆலயம் ஆகியவற்றைக் கண்டு, மாலையில் கடலருகே சற்று நேரம் இருக்க விரும்புகிறது எனக் கொள்வோம். நாற்காலியில் இருப்பவர் எழுபது கிலோ எடையுள்ளவர். முதுகுத்தண்டுக் காயத்தால் கால்களில் உணர்வில்லாதவர். உடன் வருபவர் அவர் மனைவி ஒருவரே.

முதற்கேள்வி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து காண வேண்டிய இடம் வரை எத்தனை படிகள் உள்ளன என்பது. வழியை ஒரு சங்கிலியாக எண்ணிப் பார்க்க வேண்டும். முன்வாசலில் சாய்தளம் இருந்து, உள்ளே நிலைப்படி ஒன்று இருந்தால் அந்தப் படிதான் பயணத்தின் எல்லை. படியொன்று ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம். “நான்கு படிதான்” என்று ஒருவர் சொன்னால் உயரம் 60 சென்டிமீட்டர். நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் 1:12 என்னும் சாய்வைக் கூறுகின்றன; உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும் என்பது இதன் பொருள். அப்படியானால் நான்கு படிகளுக்கு 7.2 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் தேவை. புகைப்படத்தில் அதன் நீளம் இரண்டு மீட்டர் அளவே தெரிந்தால், அது நமக்குரியதன்று.

காரணம் எளிது. நாற்காலியோடு சேர்த்து எடை சுமார் 88 கிலோ. சரியான சாய்தளத்தில் அதை மேலே நகர்த்துவது ஏழு கிலோவைத் தூக்குவதற்கு ஒப்பாகும். இரண்டு மீட்டர்ப் பலகையிலோ அது 26 கிலோவாகிவிடுகிறது. ஏறும்போது மனைவியின் இடுப்பு தாங்காது; இறங்கும்போது அவர் கைப்பிடி நழுவினால் நாற்காலி தானே ஓடிவிடும்.

இரண்டாம் கேள்வி, தரை எத்தகையது என்பது. ஆறுபடை வீடுகளில் மலையேறாமல் கடலோரத்தில் அமைந்த தலம் திருச்செந்தூர் என்பதால், எளிதாக இருக்கும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். மலை இல்லை என்பதனால் படியும் இல்லை என்று ஆகாது. அங்குள்ள நாழிக்கிணற்றுக்குப் படியிறங்கியே செல்ல வேண்டும். மேலும் நாற்காலியைத் தள்ளுபவர் வெறுங்காலோடு நடப்பவர். நண்பகலில் கொதிக்கும் கல்தளத்தில் அவரால் நின்று நிதானமாகத் தள்ள முடியாது. அதிகாலையோ மாலையோ செல்வதே இருவருக்கும் நல்லது. கோயிலின் நாற்காலிக்கு மாறச் சொல்வார்களா, சொந்த நாற்காலியை உள்ளே விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். மாற வேண்டுமானால், தாம் அன்றாடம் பயன்படுத்தும் மெத்தையைக் கையோடு கொண்டுசென்று அதன்மேல் அமர வேண்டும். உணர்வற்ற உடலுக்கு, மெத்தையில்லாத நாற்காலியில் ஒரு மணி நேர வரிசை ஒரு புண்ணின் தொடக்கமாக அமையக்கூடும்.

மணலின் இயல்பு வேறு. நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரங்கள் உலர்ந்த மணலில் புதைந்துவிடும். அலை நனைத்த மணல் கெட்டியானதுதான். ஆனால் அதை அடைய உலர்ந்த மணலைக் கடந்தாக வேண்டுமே! ஆகவே ‘கடற்கரை’ என்ற பெயரைப் பார்த்துச் செல்லாமல், தார்ச்சாலையோ நடைபாதையோ கடலுக்கு எவ்வளவு அருகே வருகிறது என்று பார்த்துச் செல்ல வேண்டும். மணப்பாட்டு ஆலயம் மணல்மேட்டின் மீது நிற்பது. மேல்வரை வண்டி செல்லுமா, இறங்கியபின் தரை கெட்டியா என்னும் இரண்டு விடைகளும் சாதகமாக இருந்தாலன்றி, கீழே நின்று கடலும் ஆலயமும் சேர்ந்த காட்சியைக் காண்பதையே திட்டமாகக் கொள்ளலாம். அதுவும் குறையுள்ள காட்சியன்று.

மூன்றாம் கேள்வி கழிப்பறை பற்றியது. இதைக் கேட்கத் தயங்கி, நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு திரும்புகிறவர்கள் உண்டு. சாதாரண மடக்கு நாற்காலியின் வெளி அகலம் 61 முதல் 66 சென்டிமீட்டர் வரை இருக்கும். உங்கள் நாற்காலியை இன்றே நாடாவால் அளந்துகொள்ளுங்கள். விடுதியில் அறைக்கதவை மட்டுமன்றிக் குளியலறைக் கதவையும் அளந்து சொல்லக் கேளுங்கள். பல இடங்களில் இடர் அங்கேதான். கதவின் குறுக்கே நாடாவைப் பிடித்து ஒரு புகைப்படம் அனுப்பச் சொன்னால், ஊகத்துக்கு இடமிராது.

நான்காம் கேள்வி, இந்த விடைகள் எந்த நாளுக்கு உரியவை என்பது. சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள், டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலில் அதன் கடல்முனைப் பகுதி சேதமுற்றது, பின்னர் சீரமைக்கப்பட்டது. திறப்புவிழாச் செய்தியை மட்டும் நம்பி இடைப்பட்ட நாளில் சென்றவர் ஏமாந்திருப்பார். கூட்டமும் புயலைப் போன்றதே. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறும் பனிமய மாதா திருவிழாவின்போதும், கந்த சஷ்டி நாள்களிலும், மற்ற நாளில் தாராளமாக இருக்கும் அதே வழியில் நாற்காலியைத் திருப்பவும் இடம் கிடைக்காது. புறப்படுவதற்கு முதல்நாள் மீண்டும் ஒருமுறை விசாரியுங்கள்.

“இவ்வளவு விசாரணை எதற்கு? ஆள் வைத்துத் தூக்கிவிடலாமே” என்பார்கள். அன்பினால் சொல்லும் சொல்தான். ஆயினும் பழக்கமில்லாத நால்வர் தூக்கும்போது, பிரிந்துவரக்கூடிய கைச்சட்டத்தையோ கால்தாங்கியையோ பிடித்துவிட்டால் நாற்காலி சரியும். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பவருக்கு அது இழுபடும். தூக்குவது அவசரத்துக்கு உரிய வழியே; அதைத் திட்டத்தின் பகுதியாக்கலாகாது. தூக்கப்படச் சம்மதமா என்று முடிவு செய்ய வேண்டியவரும் நாற்காலியில் இருப்பவரே. உடன் வருவோர் அல்லர்.

பொதுக் கட்டடங்களை அனைவரும் அணுகத்தக்கனவாக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆகையால் படிகளின் எண்ணிக்கையைக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. விடை தெரியாதவரிடம் பொறுமையோடு, “ஒருமுறை நடந்து எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்தவர், அடுத்து அழைப்பவருக்குச் சரியான விடையைச் சொல்வார்.