தெரிவித்தனரா? கூறினரா?

ஒருவர் சொன்னதைச் செய்தித்தாளில் எடுத்தெழுதும்போது, தொடரின் இறுதியில் ஒரு வினைமுற்று வந்து நிற்கின்றது. அச்செய்தியை நம்புவதா, ஐயுறுவதா என்பதை நாம் அறியாமலேயே அவ்வொரு சொல் முடிவுசெய்து விடுகின்றது.

'கூறினார்', 'சொன்னார்' என்பன நடுநிலைச் சொற்கள். ஒருவர் வாய்திறந்து சொன்னார் என்பதற்குமேல் அவை ஒன்றும் உணர்த்துவதில்லை. 'தெரிவித்தார்' என்பதோ அத்தகையதன்று. அது 'தெரி' என்னும் வினையின் பிறவினை. உள்ளதொன்றைப் பிறர் தெரியுமாறு செய்தார் என்பதே அதன் பொருள். இல்லாததைத் தெரிவித்தல் எங்ஙனம்? எனவே அச்சொல்லை எழுதுவோர், சொன்னவர்பால் உண்மை இருப்பதாகப் பாதி உடன்பட்டு விடுகின்றார். 'குற்றஞ்சாட்டினார்' என்பது இதற்கு மாறானது. சாட்டுதல் பிறர்மேல் ஏற்றுதல் ஆதலின், மெய்ப்பிக்கும் சுமை சொன்னவர் தோளிலேயே விழுகின்றது.

சாத்தான்குளத்தை எண்ணிப் பாருங்கள். 2020 சூன் 19 அன்று தந்தையும் மகனுமாகிய வணிகர் இருவரைக் காவலர் காவலில் வைத்தனர். சூன் 22, 23 ஆகிய நாள்களில் இருவரும் இறந்தனர். அவர்கள் தாமே தரையில் உருண்டதால் உட்காயம் உற்றனர் என்றது காவல்நிலைய முதல் அறிக்கை. காவலர் அடித்ததே இறப்புக்குக் காரணம் என்றனர் குடும்பத்தார். இவ்விரண்டையும் செய்தி எழுதும் வழக்கப்படி எழுதினால், 'உருண்டதால் காயமுற்றதாகக் காவல்துறையினர் தெரிவித்தனர். காவலர் அடித்ததாக உறவினர் குற்றஞ்சாட்டினர்' என்றாகும். அன்று இரண்டுமே மெய்ப்பிக்கப்பெறாத கூற்றுகள். ஆயினும் ஒன்று செய்தியாக உயர்கின்றது. மற்றொன்று புலம்பலாகத் தாழ்கின்றது. பின்னர், அருகிலிருந்த கடையின் கண்காணிப்புப் படக்கருவிப் பதிவு, உருண்டனர் என்னும் கதைக்கு இடந்தரவில்லை. இருவரும் காவல்நிலையத்தில் இரவெல்லாம் அடிக்கப்பெற்றனர் என்று நடுவண் புலனாய்வுத் துறையின் குற்ற அறிக்கை அவ்வாண்டிலேயே கூறிற்று. ஐயத்தைச் சுமந்திருக்க வேண்டிய கூற்று எது?

'குற்றஞ்சாட்டினார்' என்னும் சொல்லே தீதென்று யாம் சொல்லவில்லை. வழக்குமன்றம் முடிவுசெய்யாத பழியை முடிந்த உண்மைபோல் எழுதுதல் முறையன்று. அச்சொல்லை எளியோர்க்கும், 'தெரிவித்தார்' என்பதை ஆள்வோர்க்கும் பங்கிட்டு வைத்ததே தீது. அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. இரு வினைகளையும் இடம் மாற்றிப் படியுங்கள். 'அடித்ததாக உறவினர் தெரிவித்தனர். உருண்டதாகக் காவல்துறையினர் குற்றஞ்சாட்டினர்' என்னும்போது செய்தியே தலைகீழாகப் புரள்கின்றதன்றோ? அப்புரட்டு முன்னைய தொடரிலும் இருந்தது. பழகிய கண்ணுக்குத் தோன்றவில்லை.

முன்னோர் கருத்தைச் சுட்டுமிடத்துத் தொல்காப்பியர் 'என்ப', 'மொழிப' என்றே முடித்தார். அந்நேர்மை நமக்கும் போதும். இருதரப்பார்க்கும் 'கூறினர்' என்றே எழுதுக. சான்று கிட்டியபின் அச்சான்று யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதை எழுதுக. ஐயமும் நம்பிக்கையும் சான்றினின்று பிறக்கட்டும். ஆள்வோர்க்குப் பணியும் வினைமுற்றினின்று பிறக்க வேண்டா!