குறிப்பால் கேட்பது பண்பல்ல

சென்னை மென்பொருள் அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை வேரோடியிருக்கிறது. வெளிநாட்டுச் சகாவிடம் எதையும் நேராகக் கேட்கக் கூடாது, பட்டும் படாமலும் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை என்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இது கற்பிக்கப்படுகிறது. "வேணும்னு எழுதாதப்பா, இருந்தா உதவியா இருக்கும்னு எழுது" என்று டீம் லீட் மெயிலைத் திருத்திக் கொடுக்கிறார். அந்தப் பக்கம் இருக்கும் ஜெர்மன்காரர் மெயிலைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தால் பழி அவர் தலையில் விழுகிறது. "அந்த ஆளுக்கு ஜாடையா சொன்னா புரியாது, முரட்டு ஆசாமி" என்று கேன்டீனில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஜெர்மன் வாடிக்கையாளர்களுடன் பல ஆண்டுகள் டெஸ்டிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நம்பிக்கை தவறு. கேட்பவரைச் சிரமப்படுத்தாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நாம் அவர் மேல்தான் இரட்டைச் சுமையை ஏற்றுகிறோம். நமக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலையும் அவருடையது, அதைச் செய்யும் வேலையும் அவருடையது.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ். அதற்கு முன் சோதனை ஓட்ட இரண்டு முழு நாட்கள் வேண்டும். சோதனைக்குத் தேவையான 200 வாடிக்கையாளர் கணக்குகளின் தரவு ஷ்டுட்கார்ட்டில் இருக்கும் சகாவிடமிருந்து வர வேண்டும். முந்தைய வாரம் புதன்கிழமை எங்கள் டெஸ்ட் லீட் அவருக்கு எழுதினார். நல்ல திறமைசாலியான பெண். மெயிலின் சாரம் இது:

"வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நீங்கள் வேலையில் மூழ்கியிருப்பீர்கள் என்பது தெரியும், தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். டெஸ்ட் டேட்டா எங்களுக்கு இன்னும் வரவில்லை போலத் தெரிகிறது. ரிலீஸும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பார்த்தால் மிகவும் உதவியாக இருக்கும்."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "தகவலுக்கு நன்றி."

நம் ஊர்க் காதில் இது அலட்சியமாக விழும். ஆனால் அவர் பக்கம் இருந்து அந்த மெயிலைப் படித்துப் பாருங்கள். தரவு வரவில்லை என்பது ஒரு தகவல். ரிலீஸ் நெருங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்த தகவல். 'நேரம் கிடைக்கும்போது' என்றால் அவசரமில்லை என்று பொருள். யார் செய்ய வேண்டும், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் அதில் இல்லை. தனக்குத் தகவல் சொன்னதற்கு ஒழுங்காக நன்றி சொல்லிவிட்டு அவர் மற்ற வேலையைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமையும் தரவு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண் அதே மெயிலை மறுபடி அனுப்பினார். "கீழே உள்ளதைப் பார்க்கவும்" என்று ஒரு வரி; சிசியில் ஷ்டுட்கார்ட் சகாவின் மேலாளர். வாயால் சொல்லாமல் அழுத்தம் கொடுப்பதற்கு நம் அலுவலகங்களில் வழக்கமாகக் கையாளும் முறை அது. இந்தத் தடவை அவருக்கு ஒரு குறிப்பு நன்றாகவே புரிந்தது, அதுவும் தப்பான குறிப்பு. கேட்காத ஒன்றைச் செய்யவில்லை என்று தன் மேலாளரிடம் புகார் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். மதியம் அழைப்பில் வந்து, "நீங்கள் இதை என்னிடம் கேட்கவே இல்லையே?" என்றார். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவை உண்மையான வாடிக்கையாளர் கணக்குகள். பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்த பிறகே ஜெர்மனிக்கு வெளியே அனுப்ப முடியும். அந்த நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒப்புதல் தர வேண்டும், அதற்கே சில நாட்கள் ஆகும். புதன்கிழமையே நேராகக் கேட்டிருந்தால் அன்றே விண்ணப்பம் போட்டிருப்பார். ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போனது. மரியாதை காப்பாற்றப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

குறிப்பறிதல் நம் மரபு, வள்ளுவரே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார் என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், திருக்குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71-வதும் 110-வதும். இரண்டிலும் பேச்சு முகத்தையும் கண்ணையும் பற்றியது. எதிரே நிற்பவரின் முகம் கறுப்பதையும் கண் பேசுவதையும் பார்த்து உள்ளத்தை அறிவது அது. மெயிலுக்கு முகம் கிடையாது. சென்னையில் தட்டச்சு செய்தபோது நெற்றியில் விழுந்த சுருக்கம் ஷ்டுட்கார்ட் திரையில் தெரியாது. அதோடு, குறிப்பறிவது கேட்பவரின் திறமை என்றுதான் அங்கே பாராட்டப்படுகிறது. சொல்பவர் மறைத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டளை எதுவும் அதில் இல்லை.

சொல்லப்போனால் மறைத்துப் பேசுவது நம் மரபின் முழுமையும் இல்லை. பஸ்ஸில் "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்கிறோம். இதைவிட நேரான வேண்டுகோள் உண்டா? 'அண்ணே'யும் 'உக்காருங்க'வில் இருக்கும் 'ங்க'வும் மரியாதையைச் சுமக்கின்றன, கேட்பது வெட்டவெளிச்சமாக நிற்கிறது. ஜாடைப் பேச்சு எங்கே மிகுதி என்று பார்த்தால், கேட்க உரிமை இல்லாதவர் அதிகாரத்தில் இருப்பவரிடம் பேசும் இடத்தில்தான். பண்ணையாரிடம் கூலியைக் கேட்க முடியாதவர் "வீட்ல அரிசி தீந்து போச்சுங்க" என்பார். மரியாதைப் பேச்சு பற்றி உலகம் முழுக்க எடுத்தாளப்படும் ஆய்வு பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. அதற்கு அடிப்படையான மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. அது கோவை மாவட்டத்துக் கிராமப் பேச்சிலிருந்து எடுத்தது. யார் யாரிடம் எவ்வளவு பணிந்து கேட்கிறார்கள் என்பதில் அதிகாரமும் சாதியும் எப்படிப் புகுந்திருக்கின்றன என்பதை அதில் பார்க்கலாம். அந்தப் பணிவை ஒரே வேலையில் சமமாக இருக்கும் இரண்டு பொறியாளர்களுக்கு இடையே கொண்டுவந்து, அதற்குப் பண்பு என்று பெயர் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எவ்வளவு சுற்றி வளைத்தால் அவ்வளவு மரியாதை என்ற கணக்கையும் ஆய்வு ஏற்கவில்லை. ஷோஷனா ப்ளும்-குல்கா என்ற மொழியியலாளர் 1987-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆங்கிலம் பேசுவோரிடமும் ஹீப்ரு பேசுவோரிடமும் பலவகை வேண்டுகோள்களைக் கொடுத்து, எது அதிக மரியாதை என்று வரிசைப்படுத்தச் சொன்னார். வெறும் குறிப்பு முதலிடத்துக்கு வரவில்லை. "இதைச் செய்து தர முடியுமா?" என்ற வகைதான் மேலே வந்தது. கேட்பது என்னவென்று அதில் தெளிவாகத் தெரிகிறது, மறுக்கவும் இடம் இருக்கிறது. குறிப்பு ஏன் கீழே இறங்கியது என்பதற்கு அவர் சொன்ன காரணம் என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது: கேட்பவர் தானே யூகிக்க வேண்டியிருக்கிறது, அது ஒரு பாரம்.

ஜெர்மானியர்களுக்கு நாகரிகம் தெரியாது என்ற பேச்சையும் விட்டுவிடலாம். ஜெர்மன் மொழியையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு நெடுங்காலம் ஆராய்ந்த யூலியான ஹௌஸ், ஜெர்மன் பேச்சு பொதுவாக நேரடியானது, பொருளில் கவனம் வைப்பது என்று எழுதியிருக்கிறார். எல்லா ஜெர்மானியரும் ஒரே அச்சு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நான் பழகியவர்களிடம் மரியாதை வேறு இடத்தில் இருந்தது. சொன்ன நேரத்துக்கு வருவார்கள். முடியாததை அன்றே முடியாது என்பார்கள். அடுத்தவர் நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

அப்படியானால் உத்தரவு போடுவதா? இல்லை. "டேட்டாவை அனுப்பு" என்று ஒற்றை வரியில் எழுதுவது அவர்களுக்கும் முரட்டுத்தனம்தான். தெளிவையும் மரியாதையையும் ஒரே மெயிலில் வைக்க முடியும். அடுத்த ரிலீஸுக்கு அதே பெண் எழுதியது இப்படி இருந்தது. சப்ஜெக்ட் வரியிலேயே, "200 கணக்குகளின் டெஸ்ட் டேட்டா, செவ்வாய் 12 மணிக்குள் (உங்கள் நேரம்)" என்று போட்டார். உள்ளே:

"வணக்கம். வரும் செவ்வாய் 12 மணிக்குள் (ஜெர்மன் நேரம்) 200 கணக்குகளின் தரவை, விவரங்களை மறைத்து, போன தடவை அனுப்பிய அதே வடிவத்தில் அனுப்பித் தர முடியுமா? சோதனை ஓட இரண்டு நாள் ஆகும், ரிலீஸ் வெள்ளிக்கிழமை. அந்த நேரத்துக்குள் முடியாது என்றால் நாளைக்குள் சொல்லுங்கள், வேலையை மாற்றி அமைத்துக்கொள்கிறேன். மிக்க நன்றி."

முதல் வாக்கியத்திலேயே வேண்டுகோள் வந்துவிட்டது. முந்தைய மெயிலில் அது நலம் விசாரிப்புக்கும் மன்னிப்புக்கும் பின்னால் கடைசி வரியில் ஒளிந்திருந்தது. 'முடியுமா' என்ற கேள்வியும், காரணமும், மறுக்க வழி விட்டதும், நன்றியும்தான் இங்கே மரியாதை. மன்னிப்பு தேவையில்லை, அவர் வேலையைத்தான் அவரிடம் கேட்கிறோம். நேரத்தை அவர் ஊர்க் கணக்கில் போட்டதும் மரியாதையில் சேரும். ஜெர்மனி குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம் பின்னால். "இன்று மாலைக்குள்" என்றால் யாருடைய மாலை? 'அவசரம்', 'சீக்கிரம்' போன்ற சொற்களிலும் இதே கோளாறு. நாளும் மணியும் எழுதினால் கெஞ்சவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

இப்படிக் கேட்டால் "முடியாது" என்ற பதிலும் நேராகவே வரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நம்மவர்கள் புண்படுவது இந்த இடத்தில்தான். அந்த மெயிலுக்கும் அப்படித்தான் வந்தது: "செவ்வாய் முடியாது. 120 கணக்குகள் திங்கள் தரலாம், மீதி புதன் காலை. போதுமா?" முன்னுரை இல்லை, வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் திட்டம் போடத் தேவையான அத்தனையும் அதில் இருந்தது. பணப் பரிமாற்றச் சோதனைகளுக்கு அந்த 120 போதும் என்று கணக்குப் பார்த்து, "போதும், நன்றி" என்று எங்கள் டெஸ்ட் லீட் எழுதினார். திங்கள் மாலையே சோதனை தொடங்கியது.

குறிப்பு தவறிப் போனதை எப்படித் தெரிந்துகொள்வது? பதிலைப் பாருங்கள். "தகவலுக்கு நன்றி", "சரி, கவனத்தில் கொள்கிறேன்" என்று மட்டும் வந்தால் நீங்கள் எதையும் கேட்கவில்லை என்று பொருள். "என்னிடமிருந்து ஏதாவது எதிர்பார்க்கிறீர்களா?" என்று அவர் கேட்டால் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உண்மையாகவே கேட்கிறார். அதே நாளில், சிசியில் யாரையும் சேர்க்காமல், "ஆமாம், இது வேண்டும், இந்த நாளுக்குள்" என்று எழுதிவிடுங்கள். புதுப் பிள்ளைகளின் மெயிலில் 'வேண்டும்' என்ற சொல்லை அடித்துத் திருத்தும் டீம் லீட்கள் அடுத்த தடவை அதை அப்படியே விட்டுவிட்டு, தேதியும் மணியும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும்.