மயங்கி விழுபவரிடம் 'உடம்பைத் தளர்த்துங்கள்' என்று சொல்லலாமா?

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் மாவட்டத்துக் கோவளம் மீனவக் கிராமம் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கலாம். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்வோருக்குப் பிரியாணியும் குலுக்கலில் பரிசுகளும் தருவதாகத் தொண்டு நிறுவனத்தார் அறிவித்தனர். தயங்கி நின்றவர்கள் முகாமுக்கு வந்தனர். தடுப்பூசியைப் பற்றிய ஐயத்துக்கு அது ஒரு மருந்து. ஆனால் ஊசியைக் கண்டாலே கண் இருண்டுபோகிறவருக்குப் பரிசு எதுவும் உதவாது. அவருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதலே தீங்காகிறது என்பது எங்கள் கருத்து.

இரத்தம் எடுக்கும் அறையில் நாங்கள் காண்பது இரண்டு வகை அச்சம். முதல் வகையினருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்; ஆனால் மயங்கமாட்டார்கள். அவர்களுக்கு மெதுவாக மூச்சை வெளியே விடுவதும், உடம்பைத் தளர்த்துவதும், வேறு பேச்சில் மனத்தைத் திருப்புவதும் நன்மை தரும். இரண்டாம் வகையினருக்கு முதலில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறும். பிறகு இரண்டும் திடீரென இறங்கும். இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காதில் இரைச்சல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும், அதன்பின் மயக்கம். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் அழுத்தத்தோடு தசைகளையும் தளர்த்தச் சொன்னால் என்ன ஆகும்? மயக்கம் விரைந்து வரும். நாங்களும் பல ஆண்டுகள் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறோம்.

இவர்களுக்கு வேண்டியது இறுக்கம். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980களில் இதை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். நாற்காலியில் அமர்ந்து, கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. முகத்தில் வெப்பம் ஏறுவது தெரியும்வரை, சுமார் 10 முதல் 15 விநாடி, அப்படியே இருந்து, பிறகு இயல்பு நிலைக்கு வர வேண்டும். முழுதாகத் துவண்டுவிட வேண்டாம். அரை நிமிடம் கழித்து மீண்டும். ஒரு முறைக்கு ஐந்து சுற்று. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் சில முறை வீட்டில் பழக வேண்டும். இறுக்கும்போது தசைகள் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. அழுத்தம் இறங்காமல் நிற்கிறது.

கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். விடியுமுன் அலை தாண்டிப் படகு செலுத்துபவர். சர்க்கரைப் பரிசோதனைக்கு இருமுறை வந்து இருமுறையும் மயங்கி விழுந்தவர். வெட்கத்தால் மூன்றாம் முறை வரவே மறுத்திருக்கிறார், மனைவிதான் அழைத்துவந்தார். கேட்டபோது, தம் தகப்பனாருக்கும் இப்படித்தான் என்றார். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு. வீரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. "வெறும் வயிறு" என்று சொன்னதைத் தண்ணீரும் கூடாது என்று புரிந்துகொண்டு, முந்தைய இரவு முதல் ஒரு வாய் நீரும் அருந்தாமல் பேருந்தில் வந்திருந்தார். வெறும் தண்ணீர் அந்தப் பரிசோதனைக்குத் தடையில்லை. இரண்டு குவளை குடிக்கச் செய்து, சற்று நேரம் அமரவைத்து, இறுக்கும் முறையைக் கற்பித்தோம். பிறகு கட்டிலில் படுக்கவைத்தோம். ஊசி ஏறும் கை மட்டும் தளர்ந்திருக்க, இரு கால்களையும் குறுக்காகப் போட்டுத் தொடைகளை நெருக்கிக்கொண்டார். முகம் வெளுத்தது, மயங்கவில்லை. கால் மணி நேரம் படுத்திருந்த பின் மெல்ல எழுந்தார்.

கட்டில் கேட்பதற்குத் தயங்குகிறார்கள் என்பதே எங்கள் குறை. வரிசையில் நிற்கும்போதே "எனக்கு முன்பு மயக்கம் வந்திருக்கிறது" என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எந்தச் செவிலியரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அது அவருடைய பிழை.

உடன் வருபவர்களுக்கும் ஒரு சொல். மயங்கியவரைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பதே நம் ஊர் வழக்கம். உட்காரவைத்தால் மூளைக்கு இரத்தம் போவது மேலும் தாமதமாகும். தரையிலேயே படுக்கவிட்டுக் கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். திறக்காவிட்டாலோ, நெஞ்சுவலி சொன்னாலோ, அது ஊசி அச்சம் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள், கருவுற்றவர்கள் ஆகியோர் இறுக்கும் பயிற்சியை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மேற்சொன்ன இரண்டு குவளையும் பொருந்தாது. அவர்களுக்குப் படுத்துக்கொள்ளும் வழி எப்போதும் உண்டு.