மணிக்கட்டு முறிவு: கட்டுப் போடாத கையையும் பாருங்கள்

மணிக்கட்டை ஒட்டி முறியும் ஆரை எலும்பு, எலும்புப்புரை உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஆறு வாரத்தில் கூடிவிடுகிறது. அங்கே இருப்பது ரத்த ஓட்டம் மிகுந்த பஞ்செலும்பு. முறிவு உரிய காலத்தில் கூடிவிடுவதால், அது ஏன் முறிந்தது என்ற கேள்வி மாவுக்கட்டோடு போய்விடுகிறது.

58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாசற்படியில் தடுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தவர். கட்டுப் பிரித்தபின் எக்ஸ்ரேயில் முறிவு நன்றாகவே கூடியிருக்கிறது, விரல்கள்தாம் மடங்கவில்லை. கட்டினால் வந்த இறுக்கம் என்று பயிற்சி சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இடக்கையையும் மேசைமேல் வைக்கச் சொன்னால் வேறொன்று தெரிகிறது. அந்த மணிக்கட்டும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களும் மெத்தென்று வீங்கியிருக்கின்றன. கணுக்களைச் சேர்த்து அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறார். விரல் நுனி மூட்டுகளில் ஒன்றுமில்லை. காலையில் விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறதாம்.

இதைத் தேய்மானம் என்று யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள். தேய்மானமாக இருந்தால் விரல் நுனி மூட்டு, நடு மூட்டு, கட்டைவிரலின் அடி ஆகியவை கெட்டியாகப் புடைத்திருக்கும். காலை விறைப்பும் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இவருடையது முடக்குவாதம். எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளுக்குப் பதிலாக மூட்டோரம் அரிப்பும், மூட்டைச் சுற்றிய எலும்பில் அடர்த்திக் குறைவும் தெரியும். தொடக்கத்தில் இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ருமட்டாய்டு காரணி நெகட்டிவ் என்பதாலும் நோயை விலக்க முடியாது.

கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது. எட்டு மாதமாக மருந்துக்கடையில் வாங்கிய சிறு மாத்திரை, தினம் ஒன்று. அட்டையைப் பார்த்தால் பிரெட்னிசோலோன் 10 மி.கி. எலும்பை அரிக்கும் அழற்சியும், புது எலும்பு உருவாவதைத் தடுக்கும் ஸ்டீராய்டும் இவரிடம் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. ஸ்டீராய்டில் எலும்பிழப்பு முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கும். டெக்ஸாவில் அடர்த்தி குறையும் முன்பே முறிவு அபாயம் ஏறிவிடும். அதனால் டி-ஸ்கோர் -1.8 என்று வந்தாலும் இவரை விட்டுவிடக் கூடாது. முதுகெலும்பில் தேய்மான முள் இருந்தால் அந்த அளவு பொய்யாகக் கூடியே காட்டும்; இடுப்பு அளவைச் சேர்த்துப் பாருங்கள்.

ஃபிராக்ஸ் கணக்கில் முடக்குவாதத்துக்குத் தனிக் கட்டம் உண்டு, தேய்மானத்துக்கு இல்லை. நோயாளி "மூட்டுவாதம்" என்றதும் அதில் குறியிட்டால் கணக்கு தவறும். ஸ்டீராய்டு கட்டமும் நடுத்தர அளவையே கருதுகிறது; நாளுக்கு 7.5 மி.கி.க்கு மேல் போனால் உண்மையான அபாயம் அது காட்டுவதைவிட அதிகம்.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்தபின் பிஸ்பாஸ்போனேட் தொடங்கலாம். முறிவு கூடுவதை அது கெடுக்கும் என்ற தயக்கத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மணிக்கட்டு முறிவில் அது கூடுவதைக் குறிப்பிடும்படி தாமதப்படுத்துவதில்லை.