இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

டேட்டிங் செயலியில் அறிமுகமானவரை முதன்முறை நேரில் காணச் செல்வோருக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது, 'பொது இடத்தில் சந்தியுங்கள்' என்பது. அது பிழையன்று, ஆயினும் போதாது. 2024 ஜூன் மாதம் கிழக்குத் தில்லியில் நடந்தது அதற்குச் சான்று. குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துவந்த இளைஞர் ஒருவர், செயலியில் பழகிய பெண்ணின் பிறந்தநாளை ஒட்டி ஒரு கஃபேக்குச் சென்றார். சிற்றுண்டியும் பானமும் வந்தன. வீட்டில் அவசரம் என்று சொல்லி அப்பெண் எழுந்து போனார். பின்னர் நீட்டப்பட்ட ரசீது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. மறுத்தவரை மிரட்டிப் பணம் பெற்றனர். கடை நடத்தியோரும் அப்பெண்ணும் தொகையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு காவல்துறை விசாரணையில் வெளிப்பட்டது.

கஃபே பொது இடந்தான். ஆனால் அதைத் தேர்ந்தவர் யார் என்பதில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. ஆகவே இடத்தைத் தாமே முன்மொழிவதே முதற்பழக்கமாக வேண்டும்: ஏற்கெனவே சென்று பழகிய கடை, மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவு, பகல் நேரம், விலைப்பட்டியலைப் பார்த்தபின்னரே உணவு சொல்லுதல். போக்குவரத்தும் தம்முடையதாகவே இருக்கட்டும்.

இம்முன்மொழிவுக்குக் கிடைக்கும் மறுமொழி, பலநாள் உரையாடலைவிடக் கூடுதலாகச் சொல்லும். வேறிடம் கேட்பது தன்னளவில் குற்றமன்று. தம் விடுதிக்கு அருகில் வேண்டும் என்று ஒரு பெண் கேட்பதற்கு நியாயமுண்டு. அப்போது இருவருக்கும் பொதுவான மூன்றாம் இடத்தைச் சொல்லிப் பார்க்கலாம். அதையும் மறுத்து, அந்த ஒரே கடைதான் என்று பிடிவாதம் பிடித்தாலோ, புறப்பட்ட பின் இடத்தை மாற்றினாலோ, திரும்பிவிடுவதே தகும்.

அடுத்தது, ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுதல். ஆய்வு மாணவர் விடுதிகளில் இதற்குத்தான் தயக்கம் மிகுதி. கேலிக்கு அஞ்சி மறைப்பவர் பலர். தன்பாலீர்ப்பாளர்க்கோ மறைப்பதற்கான காரணம் இன்னும் கனமானது. அவர்களை மிரட்டிப் பணம் பறிப்போர் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தையே. முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. இடமும், திரும்பும் நேரமும், அந்நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் முதலில் அழைக்க வேண்டும், பதிலில்லையேல் 112-க்குச் சொல்ல வேண்டும் என்ற உடன்பாடும் போதும். வாட்ஸ்ஆப்பில் நேரடி இருப்பிடத்தைப் பகிர்வோர் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தால் பேச்சு நீளும்போது அது நின்றுவிடும். எட்டு மணி நேரத்தைத் தேர்வது நல்லது.

இன்னொன்று பலர் கருதாதது. மறுபக்கத்தவர் பொருத்தத்தை நீக்கிவிட்டால் செயலியில் உரையாடலும் மறைந்துபோகக்கூடும். பிறகு காவல் நிலையத்தில் காட்ட எதுவும் எஞ்சாது. புறப்படுமுன்னரே அவரது சுயவிவரப் பக்கத்தையும் இடம் குறித்த செய்திகளையும் திரைப்பிடிப்பு எடுத்து, விவரம் சொன்ன நண்பருக்கே அனுப்பிவைக்கலாம். மிரட்டலுக்கு ஆளாகிப் பணம் கொடுக்க நேர்ந்தாலும் ரொக்கத்தைவிட யுபிஐ மேல். பணம் யார் கணக்கில் சேர்ந்தது என்பது பதிவாகியிருக்கும்.