மைனஸில் தெரியும் சிக்னல்

கைபேசித் திரையின் மேல் மூலையில் நிற்கும் சிக்னல் கோடுகளுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை அந்தந்த போன் நிறுவனமே முடிவு செய்கிறது. 2010இல் ஐபோன் 4 வந்த புதிதில், கையில் பிடித்ததுமே கோடுகள் சரிகின்றன என்று புகார் கிளம்பியது. கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்றும், பல நேரம் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டது என்றும் ஆப்பிள் நிறுவனம் அப்போது ஒப்புக்கொண்டது. வீட்டில் எந்த மூலையில் பேசினால் குரல் விட்டுவிட்டுக் கேட்காது, ஹாட்ஸ்பாட் போனை எந்த ஜன்னலில் வைப்பது என்று முடிவு செய்யக் கோடுகள் போதாது. அதற்கு உதவும் எண் எல்லா போனிலும் இருக்கிறது. சற்று உள்ளே ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டயல் பலகையில் கீழே உள்ள முதல் வரியை அடித்தால், கடைசிக் குறி விழுந்ததும் சோதனைத் திரை தானாகத் திறக்கும். சாம்சங் போன்களுக்கு இரண்டாவது வரி. ஐபோனுக்கு மூன்றாவது, அதை அடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானையும் அழுத்த வேண்டும்.

```
*#*#4636#*#*
*#0011#
*3001#12345#*
```

சில நிறுவனங்கள் இந்த வழியை அடைத்து வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் இதே எண் பெரும்பாலும் கிடைக்கும். சோதனைத் திரையைப் பார்ப்பதால் போனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டில் அதே திரையில் ரேடியோவை அணைக்கும் பொத்தானும் நெட்வொர்க் வகையை மாற்றும் பட்டியலும் உண்டு. அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. தெரியாமல் மாற்றிவிட்டுப் பிறகு போன் வரவில்லை என்று தவிக்க நேரும்.

திரையில் -98 dBm 42 asu என்பதுபோல் ஒரு வரி தெரியும். dBm என்பது டெசிபல் மில்லிவாட். ஒரு மில்லிவாட் திறனைப் பூஜ்ஜியமாக வைத்து, அதற்குக் கீழே எவ்வளவு என்று எண்ணுவதால்தான் எப்போதும் மைனஸ் வருகிறது. பத்து டெசிபல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிறது; மூன்று குறைந்தால் ஏறக்குறைய பாதி. இந்தக் கணக்கில் -90 என்பது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுத் துளியை வைத்துக்கொண்டே போன் நன்றாகப் பேசும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. ஆகவே -85 நல்லது, -115 மோசம். எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து அதுவே வலுவானது என்று எடுத்துக்கொள்வது எளிதில் நேரும் பிழை. பக்கத்திலுள்ள asu அதே தகவலின் வேறு வடிவம்; 4ஜியில் dBm எண்ணுடன் 140ஐக் கூட்டினால் அது வந்துவிடும்.

4ஜியில் இந்த எண்ணுக்கு RSRP என்று பெயர். வரும் அலை முழுவதன் திறனை அது சொல்வதில்லை. டவர் அடையாளத்துக்காக அனுப்பும் குறிப்பு அலைகளில் ஒரு மெல்லிய இழைக்கு எவ்வளவு திறன் என்பதன் சராசரியைச் சொல்கிறது. அதனால் 4ஜியில் -95 என்பது தாராளமாகப் புழங்கக்கூடிய சிக்னல். 2ஜியில் அலைவரிசை முழுவதையும் சேர்த்து அளப்பதால் அதே -95 பலவீனமானது. இரு இடங்களை ஒப்பிடும்போது இரண்டிலும் போன் ஒரே தலைமுறை நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 4ஜிக்கு நடைமுறையில் -90க்கு மேல் நன்று, -100 வரை பரவாயில்லை, -110ஐத் தாண்டினால் தடுமாற்றம், -120 அருகே தொடர்பு அறுந்துபோகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை இயக்கி, எல்லா இடத்திலும் போனை ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். உள்ளங்கை ஆன்டெனாவை மூடினாலே சில டெசிபல் போய்விடும். எண் உடனே மாறாது; ஓர் இடத்தில் கால் மணித்துளியாவது நின்று, அது நிலைத்த பிறகு படிக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை நம்பவும் கூடாது. டவரிலிருந்து நேராக வரும் அலையும் சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலையும் கூடும் இடத்தில் வலுக்கின்றன, மோதும் இடத்தில் அழிகின்றன. 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். அதனால் ஒரு சாண் நகர்த்தினாலே எண் நன்றாக ஏறி இறங்கலாம். ஒவ்வோர் இடத்திலும் போனைச் சாண் சாணாக நகர்த்தி மூன்று நான்கு எண்களைக் குறித்து, நடுவில் வருவதை எடுத்துக்கொள்வதே சரி.

கான்கிரீட் தளம் போட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நடு அறையில் -109, -112, -115 வருகிறது. மேற்கு ஜன்னலோரம் -96, -98, -101. நடு எண்களுக்கிடையே 14 டெசிபல் வித்தியாசம். அதாவது ஜன்னலில் கிடைக்கும் திறன் 25 மடங்கு. நடு அறையில் கோடு இரண்டு, ஜன்னலில் மூன்று என்று மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. மொட்டை மாடிப் படியில் -91, -93, -94. அதுவே மிகச் சிறந்த இடம் என்று தோன்றும். ஆனால் அங்கே வீடியோ ஜன்னலோரத்தைவிட மெதுவாக ஓடுகிறது.

காரணம் SINR என்ற வரியில் இருக்கிறது. சிக்னல், இரைச்சலையும் பிற டவர்களின் குறுக்கீட்டையும் எத்தனை டெசிபல் மிஞ்சி நிற்கிறது என்பதை அது சொல்கிறது. 20ஐத் தொட்டால் மிக நன்று. பூஜ்ஜியத்தை ஒட்டினால் வேகம் படுத்துவிடும். உயரத்தில் பார்வை மறைப்பு இல்லாததால் நாலா பக்கத்து டவர்களும் ஒரே அலைவரிசையில் வந்து சேர்கின்றன. படியில் SINR 1 மட்டுமே. ஜன்னலோரத்தில் சுவர்கள் மற்ற டவர்களை மறைத்துவிட, அது 13 ஆக இருக்கிறது. ஐந்து டெசிபல் வலு குறைந்தும் ஜன்னல் வெல்வது இதனால்தான். உரத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்பதே போனுக்கு வேண்டியிருக்கிறது. ஆகவே dBm எண்ணை வைத்து மோசமான இடங்களைக் கழித்துவிட்டு, மிஞ்சிய இரண்டு மூன்று இடங்களில் SINR பார்த்து முடிவு செய்வது சரியான வரிசை. உங்கள் போனில் SINR தெரியாவிட்டால் அந்த இடங்களில் வேகச் சோதனை செய்து பார்க்கலாம்.

எண் திடீரெனப் பத்துப் பதினைந்து குதித்தால் போன் வேறு டவருக்கோ வேறு அலைவரிசைக்கோ தாவியிருக்கலாம். அதே திரையில் செல் அடையாள எண்ணும் பேண்ட் எண்ணும் மாறியிருப்பதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம். இந்தியாவில் 850 மெகாஹெர்ட்ஸைக் குறிக்கும் பேண்ட் 5 சுவரை ஊடுருவி உள்ளறைவரை வரும். 2300 மெகாஹெர்ட்ஸான பேண்ட் 40 வேகம் கூடுதலாகத் தரும், ஆனால் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் உள்ளறையில் பேண்ட் 5இல் வரும் -95 அழைப்புக்கு நன்றாக இருந்தும், ஜன்னலில் பேண்ட் 40இல் வரும் -100 பதிவிறக்கத்தில் அதை முந்துவதுண்டு.

இந்த எண் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அது டவரிலிருந்து போனுக்கு வருவதை மட்டுமே அளக்கிறது. டவர் பல பத்து வாட்டில் அனுப்புகிறது. 4ஜி போன் வழக்கமாக அதிகபட்சம் 200 மில்லிவாட்டில்தான் பதில் சொல்ல முடியும். அதனால் சிக்னல் எட்டும் எல்லையின் ஓரத்தில் நிற்கும்போது எதிரில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்டும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காமல் போகலாம். அப்போது போன் முழு வலுவையும் போட்டு அனுப்புவதால் சூடேறும், பேட்டரியும் வேகமாக இறங்கும். -110ஐ ஒட்டிய இடத்தில் மணிக்கணக்கில் கிடக்கும் ஹாட்ஸ்பாட் போனை ஜன்னலுக்கு மாற்றினால் இந்தச் சூடும் கூடவே தணியும்.